வ்யாக்யானம் வாசிக்க க்ரந்த லிபி: நாளுக்கு ஒரு படி, வாரத்துக்கு ஒரு சோதனை

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஆழ்வார்களின் அருளிச்செயலுக்குப் பூர்வாசார்யர்கள் அருளிய வ்யாக்யானங்கள் மணிப்ரவாள நடையில் அமைந்தவை. பழைய பதிப்புகள் பலவற்றில் தமிழ்ச் சொற்கள் தமிழ் எழுத்திலும் வடசொற்கள் க்ரந்த எழுத்திலுமாக அச்சிடப்பட்டிருக்கும். ஒரே சொல்லுக்குள்ளேயும் இந்த மாற்றம் நிகழும். 'ஸ்வரூபத்துக்கு' என்ற சொல்லில் 'ஸ்வரூப' என்பது க்ரந்தத்திலும், 'த்துக்கு' என்ற உருபு தமிழிலும் நிற்கும். இப்பதிப்புகள் இன்று பல வீடுகளில் பரணிலும் அலமாரியிலும் பூஜிக்கப்படுகின்றன; வாசிப்பார் அரிது. தென்காசியிலும் குற்றாலத்திலும் வசிக்கும் அடியோங்கள் சிலர் இந்த லிபியைக் கற்க ஒரு சிறு முறையை வகுத்துக்கொண்டோம். நாள்தோறும் ஒரு தாள் எழுதுவது, வாரம் ஒரு முறை நம்மை நாமே சோதித்துக்கொள்வது என்ற அளவில் அது அடங்கும். அதன் விவரமே இக்கட்டுரை.

க்ரந்த எழுத்துகளை இங்கே அப்படியே அச்சிட்டால் எல்லா வாசகர்களின் திரையிலும் அவை தெரியா. 2014ஆம் ஆண்டிலேயே க்ரந்த லிபி யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது என்றாலும், உரிய எழுத்துரு இல்லாத கருவிகளில் வெறும் கட்டங்களே தோன்றும். ஆகவே நம் நூல்களில் வழக்கமாக உள்ளபடி, தமிழ் எழுத்தின் மேல் எண் இட்டு வர்க்கத்தைக் காட்டுகிறோம். எண் இல்லாத க முதலெழுத்து. க², க³, க⁴ என்பன முறையே வர்க்கத்தின் இரண்டாம், மூன்றாம், நான்காம் எழுத்துகள். ச, ட, த, ப வர்க்கங்களுக்கும் இவ்வாறே கொள்க.

முதலில் இந்த லிபி எதற்கு என்பதைப் பார்ப்போம். தமிழ் எழுத்தில் 'பலம்' என்று எழுதினால் அது ப³லமாகவும் இருக்கலாம், ப²லமாகவும் இருக்கலாம். முன்னது வலிமை; பின்னது பயன். உலக வழக்கில் இடம் நோக்கிப் பொருள் கொண்டுவிடலாம். ஆனால் ஸித்தாந்த விஷயத்தில் இவ்விரண்டுமே பொருந்தும் இடங்கள் உண்டு. 'ஸ்வபலத்தை விடுகை' என்று ஒரு வாக்கியம் வருவதாக வைத்துக்கொள்வோம். ஸ்வப³லம் என்று கொண்டால் தன் முயற்சியிலும் தன் சக்தியிலும் உள்ள நம்பிக்கையை விடுவதைச் சொன்னதாகும். அது உபாய தசையைப் பற்றிய பேச்சு. ஸ்வப²லம் என்று கொண்டால் கைங்கர்யத்தில் தனக்கென்று ஒரு பயனைக் கருதாமையைச் சொன்னதாகும். அது ப்ராப்ய தசையைப் பற்றிய பேச்சு. இரண்டும் நம் ஸம்ப்ரதாயத்துக்கு இசைந்த அர்த்தங்களே. ஆகையால் எது பொருந்தாது என்று தள்ளி மற்றதை எடுத்துக்கொள்ளும் வழியும் இங்கே அடைபட்டுப் போகிறது. க்ரந்தத்தில் அச்சான பக்கத்திலோ அங்கே ப³ நிற்கிறதா ப² நிற்கிறதா என்பதைக் கண் ஒரு நொடியில் கண்டுகொள்ளும்.

'தோஷம்' என்ற சொல்லும் இத்தகையதே. தோ³ஷம் குற்றம், தோஷம் மகிழ்ச்சி. 'கதா' என்ற இரண்டெழுத்து நான்கு சொற்களாகப் பிரியும்: கதா² என்றால் கதை, கதா³ என்றால் எப்பொழுது, க³தா என்றால் சென்றவள், க³தா³ என்றால் எம்பெருமான் திருக்கையில் விளங்கும் திவ்யாயுதம். அண்மைக்காலப் பதிப்புகளில் எண் இட்டு அச்சிட்டவை உண்டு. அவற்றை மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்த லிபி கட்டாயம் வேண்டும் என்று சொல்லமாட்டோம். எண் இடாத தமிழ்ப் பதிப்பை மட்டும் கையில் வைத்திருப்பவர்களுக்கும், தாத்தாவின் க்ரந்தப் புத்தகத்தைத் திறக்க விரும்புபவர்களுக்குமே இது.

இனித் தாளுக்கு வருவோம். வ்யாக்யானங்களை ஆறாயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று படிக்கணக்கிட்டு வழங்குவதை அன்பர்கள் அறிவர். படி என்பது முப்பத்திரண்டு எழுத்துக் கொண்ட ஓர் அளவு. க்ரந்தம் என்றும் அதற்குப் பெயர். ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்க்காமல், உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ண வேண்டும். எட்டெழுத்துக் கொண்ட பாதம் நான்கு சேர்ந்த அநுஷ்டுப் ச்லோகத்தின் அளவே இது. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிய ஆறாயிரப்படி ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் அளவிலும், பெரியவாச்சான் பிள்ளை அருளிய இருபத்துநாலாயிரப்படி ஸ்ரீராமாயணத்தின் அளவிலும் அமைந்தன என்று பெரியோர் சொல்வது இந்தக் கணக்கைக் கொண்டே.

அடியோங்களும் இந்த அளவையே தாளுக்கு எடுத்துக்கொண்டோம். அரைத்தாள் ஒன்றில் நான்கு வரி, வரிக்கு எட்டுக் கட்டம், ஆக முப்பத்திரண்டு கட்டம். கட்டம் ஒவ்வொன்றும் ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். இதைவிடச் சிறியதாகப் போட்டால் எழுத்தின் உட்சுழிகள் அடைந்துபோகும். க்ரந்தத்தில் ஓரெழுத்தை மற்றோரெழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்தச் சுழிதான். ஒரு தாள் நிரப்பக் கால் மணி நேரம் போதும். (நாளுக்கு ஒரு படி வீதம் ஈடு முழுவதையும் எழுதி முடிக்க எத்தனை காலம் ஆகும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். முப்பத்தாறாயிரத்தை 365ஆல் வகுத்தால் ஏறக்குறைய 99 ஆண்டு வருகிறது. ஆகவே இது பிரதி எடுக்கும் முயற்சி அன்று. கண்ணைப் பழக்கக் கையைப் பழக்குவதே.)

நான்கு வரிக்கும் வெவ்வேறு வேலை உண்டு. முதல் வரி அன்றைய புது எழுத்துக்கு உரியது. எட்டுக் கட்டத்தில் முதல் இரண்டை மாதிரியைப் பார்த்து எழுத வேண்டும். பிறகு மாதிரியை மூடிவிட்டு ஆறு எழுத வேண்டும். எட்டையும் பார்த்தே எழுதினால் கை படம் வரைகிறது, மனத்தில் எழுத்துப் பதிவதில்லை. மூடி எழுதும்போது மூன்றாம் கட்டத்தில் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தோடு எழுதுவதில்தான் எழுத்து நினைவில் தங்குகிறது. இரண்டாம் வரி பழைய எழுத்துகளுக்கு. முந்தைய நாளின் எழுத்து நான்கு கட்டம், ஒரு வாரம் முன்பு எழுதியது நான்கு கட்டம். மூன்றாம் வரியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றி எழுத வேண்டும். நான்காம் வரியில் அன்றைய எழுத்து வரும் சொற்களை எட்டெழுத்துக் கணக்காக எழுத வேண்டும்.

ப² என்ற எழுத்தின் நாளை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் ப² எட்டு முறை. இரண்டாம் வரியில் முந்தைய நாள் எழுதிய ப நான்கு, ஒரு வாரம் முன்பு எழுதிய ட² நான்கு. மூன்றாம் வரியில் ப², ப என்று மாறி மாறி எட்டு. நான்காம் வரியில் ப²ல, ஸப²ல, விப²ல என்ற மூன்று சொற்கள்: இரண்டு, மூன்று, மூன்று, ஆக எட்டு. பயன், பயனோடு கூடியது, பயனற்றது என்று பொருளும் கூடவே வருவதால் எழுத்து சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சொற்களைத் தாளின் பின்பக்கத்தில் எண் இடாமல் வெறும் தமிழில் 'பல, ஸபல, விபல' என்று எழுதி வைக்க வேண்டும். இந்தப் பின்பக்கமே பிறகு வாரச் சோதனையின் வினாத்தாள் ஆகிறது, முன்பக்கம் விடைத்தாள். வேறு ஆசிரியர் தேவையில்லை.

எந்த மாதிரியைப் பார்த்து எழுதுவது என்பதில் கவனம் வேண்டும். நாம் வாசிக்க விரும்பும் புத்தகத்தின் அச்சையே மாதிரியாகக் கொள்வது நல்லது. அச்சகத்துக்கு அச்சகம் எழுத்தின் வடிவில் சிறு வேறுபாடு உண்டு. கணினி எழுத்துருவின் வடிவம் வேறு. திரையில் கற்ற எழுத்தைப் பழைய காகிதத்தில் தேடினால் பாதி எழுத்துகள் அந்நியமாகத் தோன்றும். எழுதப் பென்சிலே ஏற்றது. குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடி மாதங்களில் காகிதம் ஈரம் கோத்து மை ஊறிவிடும். சுழிகள் எல்லாம் புள்ளிகளாகிவிடும்.

தமிழ் அறிந்தவர்க்கு எல்லா எழுத்தும் புதியன அல்ல. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவை க்ரந்தத்திலிருந்து தமிழுக்கு வந்தவையே. ண, த, வ முதலிய சில எழுத்துகள் தமிழ் வடிவை ஒத்திருக்கும். இவ்வாறு கழித்துப் பார்த்தால் புதிதாகக் கற்க வேண்டிய மெய்யெழுத்துகள் ஏறக்குறைய இருபது. வாரத்துக்கு ஐந்து என்ற கணக்கில் நான்கு வாரம் போதும். ஆறாம் நாள் புது எழுத்து இல்லை. அன்று அவ்வாரத்துச் சொற்களை மட்டும் ஒரு படி எழுத வேண்டும். ஏழாம் நாள் சோதனை. ஐந்தாம் வாரம் உயிர்க்குறிகள். ஆறாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை கூட்டெழுத்துகள்.

உயிர்க்குறிகளில் ஒன்றே ஒன்று தமிழரை ஏமாற்றும். வடமொழியில் குறில் எகரமும் குறில் ஒகரமும் இல்லை. ஆகவே க்ரந்தத்தில் ஒற்றைக்கொம்பே நெட்டுயிரைக் குறிக்கும். 'தெவ' என்பது போல் கண்ணுக்குத் தெரிவதைத் தேவ என்றே வாசிக்க வேண்டும். சொல்லின் பாதியில் தமிழுக்கு மாறும்போது அதே ஒற்றைக்கொம்பு மறுபடி குறிலாகிவிடும். க்ரந்தம் எங்கே முடிந்து தமிழ் எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ளாதவர்கள் இந்த இடத்தில்தான் இடறுவார்கள். உருபு எங்கே தொடங்கும் என்று சொல்லைக்கொண்டே தீர்மானிக்கப் பழக வேண்டும்.

கூட்டெழுத்துகளில் ரகரம் தனிப்பாடம். ஒரு மெய்க்கு முன்னால் ஒலிக்கும் ர் அந்த மெய்க்குப் பின்னால் ஒரு குறியாக எழுதப்படும். த⁴ர்ம என்ற சொல்லில் கண் முதலில் த⁴ என்பதைக் காணும், அடுத்து ம, அதன் பின் ரகரக் குறி. வாயோ ரகரத்தை மகரத்துக்கு முன் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இதை 'த⁴ம்ர' என்று வாசிக்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. த⁴ர்ம, கர்ம, அர்த² என்ற மூன்றையும் நான்காம் வரியில் ஒரு வாரம் தொடர்ந்து எழுதியபின் இது தானாகச் சரியாயிற்று. மகர ஒற்றுக்கு எழுத்தின் வலப்பக்கத்தில் ஒரு சிறு வட்டம் வரும். ட² என்ற எழுத்தும் வட்டமே, ஆனால் எழுத்தின் முழு உருவும் கொண்ட பெரிய வட்டம். கட்டத்தில் எழுதும்போது அளவு தவறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

சோதனையின் முறை இது. ஞாயிறன்று, இதுவரை எழுதிய தாள்களின் பின்பக்கங்களிலிருந்து முப்பத்திரண்டு சொற்களைக் கலந்து எடுக்க வேண்டும். பாதி அவ்வாரத்துச் சொற்களாகவும் பாதி பழையனவாகவும் இருக்கட்டும். எண் இல்லாத தமிழ்ச் சொல்லைப் பார்த்து க்ரந்தத்தில் எழுதிவிட்டு, முழுவதும் முடிந்த பிறகே தாளைத் திருப்பி ஒத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மதிப்பெண். இருபத்தெட்டும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த பாடம். இருபத்துநான்குக்குக் குறைந்தால் அடுத்த வாரம் புது எழுத்து எதுவும் கிடையாது. இடைப்பட்டால் புது எழுத்து மூன்று மட்டும்.

ஆனால் மொத்த மதிப்பெண்ணை எழுதி வைப்பதோடு நிறுத்தினால் சோதனையால் பெரிய பயன் இல்லை என்பதே எங்கள் கருத்து. வங்கியில் நாள் முடிவில் கணக்கு நேராகாவிட்டால், எவ்வளவு வித்தியாசம் என்பதைக் காட்டிலும் எந்த இடத்தில் வித்தியாசம் என்பதைத்தான் தேடுவோம். இங்கும் தவறுகளை மூன்று பத்தியாகப் பிரித்து எழுத வேண்டும். எழுத்தின் வடிவமே நினைவுக்கு வரவில்லை என்றால் அது கையின் தவறு. ஓரெழுத்துக்கு அதுபோன்ற வேறோர் எழுத்தை எழுதிவிட்டால் அது கண்ணின் தவறு. எழுதிய எழுத்து திருத்தமாகவே இருக்கிறது, ஆனால் அந்தச் சொல்லில் வர வேண்டியது வேறு வர்க்க எழுத்து என்றால் அது காதின் தவறு. மூன்றுக்கும் மருந்து வேறு.

குற்றாலத்தில் உள்ள ஓர் அம்மையாரின் பத்தாம் வாரத் தாளை அவருடைய அனுமதியோடு இங்கே எடுத்துக்காட்டுகிறோம். அவர் வாங்கியது முப்பத்திரண்டுக்கு இருபத்திரண்டு. நாள் தவறாமல் எழுதி வந்தவர். ஆகையால் மிகவும் வருந்தினார். மறுபடியும் முதல் வாரத்திலிருந்து தொடங்கி, நாளுக்கு இரண்டு தாள் எழுதுவதாகவும் சொன்னார். பத்துத் தவறுகளையும் பிரித்துப் பார்த்தோம். மேக⁴ என்ற சொல்லில் க⁴ நினைவுக்கு வரவில்லை. கையின் தவறு ஒன்று. நாத², கதா² என்ற சொற்களில் த²க்குப் பதில் த⁴வும், ஸாத⁴ந என்ற சொல்லில் த⁴க்குப் பதில் த²வும் எழுதியிருந்தார். கண்ணின் தவறு மூன்று. மீதி ஆறும் பின்வரும் சொற்களில் வந்தவை: உபாய, உபகார, ஸ்வரூப, ஆகார, அநுகூல, அந்தர்யாமி. உபாயத்திலும் ஸ்வரூபத்திலும் ப³ எழுதியிருந்தார். உபகாரத்திலும் ஆகாரத்திலும் அநுகூலத்திலும் க³, அந்தர்யாமியில் த³. இவை அனைத்திலும் வர வேண்டியது வர்க்கத்தின் முதலெழுத்தே.

இந்த ஆறையும் உற்று நோக்கினால் ஓர் ஒழுங்கு தென்படும். தமிழ் நாவு இரண்டு உயிர்களுக்கு நடுவிலும், மெல்லின ஒற்றுக்குப் பின்னும் வல்லினத்தை மென்மையாக்கிச் சொல்லும். 'அகம்' என்பதிலும் 'பந்து' என்பதிலும் நாம் செய்வது அதுவே. அந்தப் பழக்கத்தை வடசொல்லுக்கும் கொண்டுபோய் உபாயம், ஸ்வரூபம், அநுகூலம் என்பவற்றை மென்மையாகவே ஒலிக்கிறோம். கேட்டபடியே கை எழுதுகிறது. சொல்லின் முதலில் இத்தவறு குறைவாகவும் நடுவில் மிகுதியாகவும் வருவதற்குக் காரணம் இதுவே. அந்த அம்மையாரின் க³வும் ப³வும் குறை சொல்ல இடமில்லாத அழகான எழுத்துகள். எழுத்தை அவர் நன்றாகவே கற்றிருந்தார். அறியாதது சொல்லின் வர்க்கத்தை. அதற்காக நாளுக்கு இரண்டு தாள் எழுதினால் ஸ்வரூ'ப³'ம் இன்னும் ஆழமாகப் பதியுமே தவிர மாறாது.

ஆகவே அவருக்கு அடுத்த வாரம் தாளைக் கூட்டவில்லை. ஆறு சொற்களையும் வடமொழி அகராதியில் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றையும் நாளுக்கு ஒரு முறை வல்லோசையோடு வாய்விட்டுச் சொன்னார். கண்ணின் தவறுக்கு மூன்றாம் வரியில் நான்கு நாள் த², த⁴ மட்டுமே எழுதினார். அதற்கு அடுத்த இரண்டு நாள் அவ்வரியில் நாத², ஸாத⁴ந என்ற சொற்களையே மாற்றி மாற்றி எழுதினார். தனியெழுத்தாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது வேற்றுமை தெரிவதும், சொல்லுக்குள் போனதும் மறைவதும் வழக்கம். ஆகவே சொல்லாகவும் எழுத வேண்டும். க⁴ என்ற எழுத்து முதல் வரிக்கு ஒரு நாள் திரும்பி வந்தது. அடுத்த சோதனையில் அவர் பெற்றது இருபத்தேழு. ஐந்து தவறுகளில் காதின் தவறு மூன்று, அவையும் அபேக்ஷா போன்ற புதிய சொற்களில்தான். பழைய ஆறில் ஒன்றும் தவறவில்லை.

த², த⁴ குழப்பம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இவ்விரண்டும் மலையாளத்திலும் ஏறத்தாழ இதே சாயலில் நெருங்கியே இருக்கின்றன. மலையாள எழுத்து க்ரந்தத்திலிருந்து கிளைத்தது. இந்த உறவு தென்காசிப் பக்கத்தாருக்கு ஒரு வசதி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்குள்ள முதியவர் சிலருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் கேரளத்திலிருந்து வரும் வாகனங்களிலும், ஆரியங்காவு வழியாகப் போகும் பேருந்துகளிலும் மலையாளப் பெயர்கள் எழுதியிருக்கும். 'ப⁴க³வதி' என்று ஒரு வண்டியில் எழுதியிருந்தால் அதில் ப⁴, க³ இரண்டையும் ஒருங்கே காணலாம். அருவிக்குப் போகும் வழியில் இப்படி நான்கு பெயர்களை எழுத்துக்கூட்டுவது அடியோங்களுக்கு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஆனால் தாளில் மலையாள வடிவத்தை எழுதிப் பழகக் கூடாது. சாயல் ஒன்றே தவிர வளைவுகள் வேறு. பிறகு புத்தகத்தில் தேடும் வடிவம் கிடைக்காது.

வெளிநாட்டில் வசிக்கும் அன்பர்களில் தேவநாகரி அறிந்தவர் பலர். அவர்களுக்குக் காதின் தவறு அநேகமாக வராது. வர்க்கங்கள் முன்பே தெரியும். அவர்கள் வாரச் சோதனையின் வினாவைத் தமிழில் எழுதாமல் தேவநாகரியில் எழுதிக்கொள்ளலாம். அவர்களுக்குச் சிரமம் வேறிடத்தில் வரும். சொல்லின் பின்பாதி தமிழாக மாறும் இடத்தில் த, ண, வ போன்ற ஒத்த எழுத்துகள் வந்தால் எந்த லிபியில் நிற்கிறோம் என்று தெரியாமல் திகைப்பார்கள். நான்காம் வரியில் அவர்கள் 'ஸ்வரூபத்துக்கு', 'உபாயத்தில்' என்று உருபோடு சேர்த்து, க்ரந்தப் பகுதியைப் பென்சிலிலும் தமிழ்ப் பகுதியை மையிலும் எழுதினால் எல்லை தெளிவாகும்.

பத்தாம் வாரம் தொடங்கி ஞாயிற்றுச் சோதனையோடு வாசிப்பும் சேர்கிறது. பழைய பதிப்பில் மூன்று வரியை எடுத்துக்கொண்டு வாய்விட்டு வாசிக்க வேண்டும். நின்ற இடங்களில் பென்சிலால் மெல்லப் புள்ளி வைக்க வேண்டும். பிறகு அதே பகுதியைத் தமிழ் எழுத்தில் வந்த பதிப்போடு ஒப்பிட வேண்டும். ஈட்டுக்குத் துணையாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட, பு. ரா. புருஷோத்தம நாயுடு எழுதிய ஈட்டின் தமிழாக்கத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். அது சொல்லுக்குச் சொல் ஒப்பிட உதவாது. அர்த்தம் வழி தவறாமல் போகிறதா என்று பார்க்க உதவும். தொடக்கத்தில் மூன்று வரிக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளி விழும். நான்கு புள்ளிக்குள் அடங்கியதும் அரைப் பக்கமாகக் கூட்டிக்கொள்ளலாம். அப்பொழுது நாள்தாளும் மாறுகிறது: முதல் மூன்று வரிகள் நீங்கி, அன்று வாசித்த பகுதியிலிருந்து எடுத்த சொற்களாலேயே முப்பத்திரண்டு கட்டமும் நிரம்பும்.

இவ்வாறு கற்பது அச்சுப் புத்தகத்துக்கே போதுமானது. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இராது. தமிழ்ப் பகுதியில் மெய்க்குப் புள்ளி இராது. எழுதியவரின் கைப்பழக்கமும் சேரும். வீட்டில் சுவடி இருப்பவர்கள் அச்சுப் புத்தகத்தில் தங்கு தடையின்றி வாசிக்கும் நிலை வந்த பின்னர், சுவடி வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் நேரில் இருந்து கற்பதே முறை.

எங்கள் குழுவில் இப்போது ஒவ்வொருவரும் தத்தம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் காதை ஏமாற்றும் சொற்களைத் தொகுத்து வருகிறோம். உபாய, உபேய, அபேக்ஷா, உபகார, ஆகார, ஸ்வரூப, அநுகூல, ப்ரதிகூல, பரதந்த்ர, அந்தர்யாமி என்பன எல்லாருடைய பக்கத்திலும் உள்ளன. இதற்கு மறுதலையாக, நடுவில் நான்காம் எழுத்தே வருகிற அபி⁴மாந, அதி⁴காரி, ஸம்ப³ந்த⁴ போன்றவற்றை எதிர்ப்பக்கத்தில் எழுதுகிறோம். எழுதத் தொடங்கும் அன்பர்கள் முதல் நாளிலேயே இந்த இரண்டு பக்கங்களையும் ஒதுக்கி வைத்துக்கொள்வது நலம்.